கேத்தலுக்கும் கோப்பைக்கும் நடுவில்: நானுஓயாப் பக்கத்து மூன்று லயங்களில் ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலைநாட்டில் நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதன் மேல் டிவிஷனில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் மூன்று லயங்கள் அடுத்தடுத்து, மொத்தம் 36 காம்பிரா வீடுகள். ஐந்து வயதுக்குக் கீழ் 19 பிள்ளைகள். மழை மாதங்களின் கடைசியில் அங்கே ஒரே மாதத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்தது. அதில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தடவை. ஒரு நாளில் மூன்று முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால்தான் வயிற்றோட்டம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் ஏழு. சும்மா வயிறு கடுத்த பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.

அந்த டிவிஷனின் சுகாதாரத் தொண்டர்கள் 12 பேர். பதினொரு பெண்கள், ஒரு தம்பி. பெண்களில் அநேகமாக எல்லோரும் கொழுந்து எடுப்பவர்கள். கை கழுவுதல், தண்ணீரைப் பத்திரமாக வைத்தல், பிள்ளைகளின் வயிற்றோட்டத்தைத் தடுத்தல் பற்றி அவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கும்படி என்னைக் கூப்பிட்டார்கள். நானும் இப்படி ஒரு லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பல வருடமாகத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறேன். அந்த ஒரு வகுப்பு கடைசியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நீண்டது. ஏன் நீண்டது என்பதுதான் இங்கே எழுதத் தகுந்த விஷயம்.

முதல் ஞாயிறு

தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்தோம். படங்கள் ஒட்டிய அட்டைகளைக் கொண்டு போயிருந்தேன். "எப்பெப்ப கை கழுவணும்?" என்று கேட்டதும் கோயில் பாட்டு மாதிரி ஒரே குரலில் பதில் வந்தது. கழிவறைக்குப் போய் வந்த பிறகு, பிள்ளைக்குக் கால் கழுவி விட்ட பிறகு, சமைக்கும் முன், சாப்பிடும் முன், பிள்ளைக்கு ஊட்டும் முன். ஐந்தும் சரி. தண்ணீர் பற்றிக் கேட்டேன். "கொதிச்சாறின தண்ணிதான் மிஸ் குடிக்கிறோம்" என்றார்கள். அதுவும் சரி.

எல்லாம் தெரிந்தவர்களுக்கு நான் என்ன சொல்லிக் கொடுப்பது? அரை மணி நேரத்தில் என் அட்டைகள் முடிந்துவிட்டன. தேத்தண்ணி வந்தது. ஒரு அக்கா ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் நனைத்து மடியில் இருந்த மகளுக்கு ஊட்டினார். ஐந்து நேரங்களையும் பிழையில்லாமல் சொன்னவர்களில் அவரும் ஒருவர். கை கழுவ எழுந்து போகவில்லை. போவதென்றால் குழாய் வெளியே, படி இறங்கி முப்பது நாற்பது அடி தூரத்தில் இருந்தது. அங்கே சவர்க்காரம் இல்லை. காலை ஒன்பது மணிக்கும் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும் குளிர்.

அப்போதே அட்டைகளைப் பையில் வைத்துவிட்டேன். தெரியாததால் வருகிற பிரச்சினைக்குத்தான் அட்டை மருந்து. இங்கே இருந்தது வேறு. அடுத்த வாரம் வரும்போது இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று தொண்டர்களைக் கேட்டேன். ஒன்று, எந்தெந்தக் காம்பிராவில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தது. மற்றது, அந்தக் காம்பிராவில் கொதித்த தண்ணீர் கேத்தலை விட்டு இறங்கியதிலிருந்து பிள்ளையின் வாய்க்குப் போகும்வரை எங்கெங்கே போகிறது. யாரையும் கேள்வி கேட்க வேண்டாம், உட்கார்ந்து பேசிக்கொண்டே பாருங்கள் என்று சொன்னேன். கேட்டால் ஐந்து நேரங்கள்தான் திரும்பவும் வரும்.

சிமெந்துத் தரையில் ஒரு வரைபடம்

இரண்டாவது ஞாயிறு தரையில் சோக்கட்டியால் மூன்று லயங்களையும் வரைந்தோம். மேலே மலையில் ஊற்று, அதற்குக் கீழே தொட்டி, தொட்டியிலிருந்து வரும் குழாய், லயத்துக்கு லயம் ஒரு பொதுக் குழாய். நோய் வந்த ஏழு பிள்ளைகளின் காம்பிராவில் ஒவ்வொரு தேயிலை விதை வைத்தோம். இரண்டு தடவை வந்தவர்களுக்கு இரண்டு விதை.

தொட்டித் தண்ணீர்தான் கெட்டது என்று எல்லோரும் உறுதியாக நம்பியிருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. தொட்டிக்கு மேலே மரக்கறித் தோட்டம் இருக்கிறது, மாட்டெரு போடுகிறார்கள், மழைக்கு அது வழிந்து வருகிறது. தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் மூன்று லயமும் குடிப்பது அந்த ஒரே தொட்டித் தண்ணீரை. தொட்டி மட்டுமே காரணம் என்றால் விதைகள் மூன்று லயத்திலும் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். சில காம்பிராக்களில் திரும்பத் திரும்ப வந்தது, சுவருக்கு அடுத்த பக்கத்துக் காம்பிராவில் இரண்டு பிள்ளைகள் இருந்தும் ஒன்றுமில்லை. ஏழு பேரை வைத்து இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல அது போதும்.

தண்ணீரின் பயணத்தைப் பார்த்து வந்தவர்கள் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. அநேகமாக எல்லா வீட்டிலும் விடியற்காலை நாலரை ஐந்து மணிக்கு ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கிறது. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் அவசரம். தேத்தண்ணிக்குப் போக மிச்சம் ஒரு வாய் அகன்ற பிளாஸ்டிக் வாளியில் ஊற்றப்படுகிறது. ஆறட்டும் என்று மூடாமல் விடுகிறார்கள். அந்த வாளி தரையில், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். பக்கத்தில் ஒரு கோப்பை. பகலில் வீட்டில் இருப்பது பாட்டியும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும். தாகம் எடுத்தவர் கோப்பையை எடுத்து வாளிக்குள் முக்கிக் குடிக்கிறார். நாலு வயதுப் பிள்ளை முக்கும்போது கோப்பையோடு மணிக்கட்டு வரைக்கும் கையும் உள்ளே போகிறது.

வயிற்றோட்டம் வராத காம்பிராக்களில் இரண்டைப் பற்றி அந்தத் தம்பி சொன்ன குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த இரண்டு வீட்டிலும் ஃபிளாஸ்க் இருந்தது. மலைக்குளிருக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்பதற்காக வாங்கியது. கொதித்த தண்ணீர் நேரே ஃபிளாஸ்க்குக்குப் போய், அங்கிருந்து கோப்பைக்குச் சாய்க்கப்படுகிறது. நடுவில் யாருடைய கையும் படவில்லை.

கறுத்த போத்தல்

இதைச் சொல்லால் நிரூபிக்க நான் விரும்பவில்லை. பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கேட்டு, ஐதரசன் சல்பைட்டுப் பரிசோதனைப் போத்தல்கள் சிலவற்றை வாங்கியிருந்தேன். சின்னக் கண்ணாடிப் போத்தல், உள்ளே மருந்து தோய்த்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டியதுதான். மலத்தோடு வரும் சிலவகைக் கிருமிகள் தண்ணீரில் இருந்தால் ஓரிரண்டு நாளில் கறுத்துவிடும். எந்தக் கிருமி, எவ்வளவு என்று அது சொல்லாது. கந்தகம் கலந்த சில ஊற்று நீரில் மலம் கலக்காமலே கறுப்பதும் உண்டு. ஆனாலும் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அந்தக் கறுப்பு புரியும். லயத்துக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

முதல் தடவை பிழையாகிப் போனது. நாலு போத்தல் நிரப்பி பிள்ளைக் காம்பராவின் அலுமாரியில் வைத்தோம். 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் நாலும் தெளிவாக இருந்தன. கெட்டது என்று நமக்கு நன்றாகத் தெரிந்த, கழிவுநீர் ஓடும் கான் தண்ணீரும் தெளிவு! காரணம் குளிர். இந்தக் கிருமிகள் பெருகுவதற்கு 25இலிருந்து 37 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். 1,600 மீற்றர் உயரத்தில் இரவில் காம்பிராவின் சூடு அதற்குக் கிட்டவும் வராது. கொழும்பில் ஒரு நாளில் கறுக்கும் போத்தல் இங்கே அலுமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், நாமும் தண்ணீர் நல்லது என்று நம்பிவிடுவோம். கான் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைச் சேர்த்து வைத்ததால்தான் இந்தப் பிழை பிடிபட்டது. எந்தப் பரிசோதனையிலும் நிச்சயமாகக் கெட்ட ஒன்றும் நிச்சயமாக நல்ல ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று தொண்டர்களுக்குச் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் கண்ணால் பார்த்த பாடம் அது.

இரண்டாம் தடவை போத்தல்களைத் துணியில் சுற்றி ஒரு சின்ன ரெஜிஃபோம் பெட்டியில் வைத்தோம். பெட்டிக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைத்த ஒரு போத்தல். காலையும் மாலையும் இரவும் அந்தத் தண்ணீரை மாற்றுவதை மூன்று பேர் முறை வைத்துச் செய்தார்கள். இம்முறை ஐந்து மாதிரி: கான், பொதுக் குழாய், கேத்தலில் கொதித்து இறங்கிய தண்ணீர், அதே கேத்தலிலிருந்து ஊற்றி மத்தியானம் வரைக்கும் வாளியில் இருந்த தண்ணீர், ஃபிளாஸ்க் தண்ணீர். வாளித் தண்ணீர், இரண்டு தடவை வயிற்றோட்டம் வந்த 14 மாதப் பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவும் தொண்டர்தான், அவரே கொண்டுவந்தார்.

அடுத்த நாள் காலையில் கான் தண்ணீரும் வாளித் தண்ணீரும் கறுத்திருந்தன. குழாய்த் தண்ணீர் அன்று மாலை கறுத்தது. கேத்தலும் ஃபிளாஸ்க்கும் இரண்டு நாள் முடிந்தும் தெளிவு.

அந்த அம்மா போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நான் கொதிக்க வச்ச தண்ணி மிஸ் இது" என்றார். ஆமாம், அவர் கொதிக்க வைத்ததுதான். அதில் சந்தேகமே இல்லை. நாலரை மணிக்கு எழுந்து, விறகு செலவழித்து, அவர் செய்ய வேண்டியதைச் செய்திருந்தார். கேத்தலில் சுத்தமான தண்ணீர் வாளியில் கெட்டுப் போயிருந்தது. அவர் மனம் நோகக் கூடாது என்று மற்ற அக்காமார் உடனே எங்கள் வீட்டு வாளியும் இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அது உண்மையும்கூட.

குழாய்த் தண்ணீரும் கறுத்ததால் இன்னொன்றும் தெளிவானது. கொதிக்க வைப்பதை விட முடியாது. மலையில் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதித்துவிடும், இந்த உயரத்தில் 95க்குக் கிட்ட. அதனால் கிருமி சாகாதோ என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. வயிற்றோட்டக் கிருமிகள் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே செத்துவிடும். தண்ணீர் தளதளவென்று புரண்டு கொதிக்க வேண்டும், அப்படி ஒரு நிமிடம் விட்டால் போதும். ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்கினால்தான் பிழை. பத்து நிமிடம் கொதிக்க விடுவது விறகுக்குச் செலவு, வேறு லாபமில்லை.

(கறுத்த போத்தலைத் திறக்கக் கூடாது. உள்ளே கிருமி பெருகி இருக்கும். பரிசோதகரிடமே திருப்பிக் கொடுத்தோம்.)

கொழுந்துக் கறை

இனிக் கை. வாளிக்குள் கை போகாமல் பார்ப்பது ஒரு வழி, போகிற கையைச் சுத்தமாக்குவது இன்னொரு வழி. இரண்டும் வேண்டும். ஏனென்றால் அதே கைதான் ரொட்டியும் பிசைகிறது.

கொழுந்து எடுப்பவர்களின் விரல் நுனியும் உள்ளங்கையும் கறுத்திருக்கும். தேயிலைப் பால் காய்ந்து ஏறிய கறை அது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தாலும் ஒரு நாளில் போகாது. இது கை கழுவும் பழக்கத்தை எப்படிக் கெடுக்கிறது என்று எனக்கே அன்றுதான் புரிந்தது. "எப்படிக் கழுவினாலும் இப்படித்தான் மிஸ் இருக்கு, கழுவி என்னத்துக்கு" என்றார் ஓர் அக்கா. அழுக்கு போய்விட்டது என்று கண்ணால் பார்க்க முடிந்தால்தான் மனிதருக்குக் கழுவிய திருப்தி வரும். கறை இருக்கும் கைக்கு அந்தத் திருப்தி வருவதே இல்லை.

அதனால் வேறு ஒன்றைக் கண்ணுக்குக் காட்டினோம். தேங்காயெண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து எல்லோர் கையிலும் தேய்த்தோம். ஆறு பேர் வெறும் தண்ணீரில் கழுவினார்கள், ஆறு பேர் சவர்க்காரம் போட்டு இருபது நொடி தேய்த்துக் கழுவினார்கள். பிறகு எல்லோரும் ஒரு வெள்ளைத் துணியைத் தொட்டார்கள். தண்ணீரில் மட்டும் கழுவியவர்களின் ஐந்து விரலும் துணியில் மஞ்சளாகப் பதிந்தன. சவர்க்காரம் போட்டவர்களில் நகக் கண்ணையும் பெருவிரல் இடுக்கையும் விட்டவர்களுக்கு அங்கே மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது. மஞ்சள்தான் மலம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொழுந்துக் கறையில் ஆபத்தில்லை, அது போகாவிட்டாலும் பரவாயில்லை, மஞ்சள் போயிருக்கும். கறையைப் பார்த்துக் கையை எடைபோடாதீர்கள் என்பதை அந்தத் துணியே சொல்லிவிட்டது.

எந்தச் சவர்க்காரம் என்ற கேள்வி எப்போதும் வரும். கிருமிநாசினி சேர்த்த விலை கூடிய சவர்க்காரம் வேண்டுமா? கராச்சியின் குடிசைப் பகுதிகளில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், சவர்க்காரம் கொடுத்து வாரா வாரம் வந்து ஊக்கப்படுத்திய வீடுகளில் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் வயிற்றோட்டம் பாதிக்கு மேல் குறைந்தது. சாதாரண சவர்க்காரமும் கிருமிநாசினிச் சவர்க்காரமும் ஒரே அளவு பலன்தான் கொடுத்தன. ஆகவே கடையில் கிடைக்கும் மலிவான கட்டியே போதும். வெளியே வைத்தால் காகமும் பிள்ளைகளும் கொண்டுபோய்விடும் என்பதால் வேறு வழி ஒன்றையும் செய்து பார்த்தோம். துணி துவைக்கும் தூள் 30 கிராமை ஒன்றரை லீட்டர் தண்ணீரில் கரைத்து, போத்தல் மூடியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு பொட்டலத்தில் பல நாள் ஓடும். யாரும் திருடவுமில்லை.

குழாய் தூரம் என்ற பிரச்சினைக்குக் கழிவறை வாசலிலேயே கை கழுவ இடம் வேண்டும். ஐந்து லீட்டர் பிளாஸ்டிக் கேன் ஒன்றின் கழுத்துக்குக் கீழே சிறு துளை போட்டு, இரண்டு கம்பு நட்டு, குறுக்குக் கம்பில் தொங்கவிட்டோம். கேனின் மூடியிலிருந்து ஒரு கயிறு கீழே வந்து ஒரு குச்சியில் முடிகிறது. குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் மெல்லிய தாரையாக விழும். அழுக்குக் கையால் எதையும் தொட வேண்டாம். ஒரு தடவை கை கழுவ அரைக் கோப்பைத் தண்ணீர்கூடச் செலவாகாது. குழாயில் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரமே வரும் லயத்துக்கு இது பெரிய விஷயம். ஆனால் கேனை நிரப்புவது யார் என்று முடிவு செய்யாவிட்டால் மூன்றாம் நாள் அது காலியாகத் தொங்கும். முதல் வாரம் அப்படித்தான் தொங்கியது. பிறகு காலையில் குழாய்க்கு முதலில் போகிறவர் நிரப்ப வேண்டும் என்று ஒவ்வொரு லயத்திலும் பேசி வைத்தார்கள்.

வாளிக்குப் பதிலாக

மூன்றாம் ஞாயிறு முழுக்கப் பாத்திரம் பற்றித்தான் பேசினோம். சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குடிக்கிற தண்ணீரைச் சாய்த்து ஊற்ற வேண்டும் அல்லது குழாயைத் திறந்து பிடிக்க வேண்டும், முக்கி எடுக்கக் கூடாது. கை நுழையாத வாய் உள்ள எந்தப் பாத்திரமும் நல்லது. கீழே குழாய் வைத்த மூடிப் பாத்திரம் மிக நல்லது, ஆனால் எல்லோராலும் வாங்க முடியாது. வாளியையே விட முடியாதவர்களுக்கு மூடியும், நீளக் காம்பு வைத்த அகப்பையும் போதும். அகப்பையைச் சுவரில் ஆணியில் தொங்கவிட வேண்டும். மூடிமேல் வைத்தால் தரைக்கு வரும், தரையிலிருந்து திரும்ப வாளிக்குள் போகும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருந்தது. தோட்டத்தில் சும்மா கிடைக்கும் நல்ல கனமான கேன் என்றால் அது களைநாசினி கேன். கழுத்து சின்னது, மூடி இறுக்கம், பார்க்க மிக வசதி. ஒரு வீட்டில் அதில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எத்தனை தடவை கழுவினாலும் அதைக் குடிதண்ணீருக்குப் பாவிக்க முடியாது. நஞ்சு பிளாஸ்டிக்கிலேயே ஊறி இருக்கும். சமையல் எண்ணெய்க் கேன், குடிதண்ணீர்க் கேன் மட்டும்தான்.

கழுத்து ஒடுங்கிய கேனில் ஒரு குறையும் உண்டு. உள்ளே கை போகாததால் கழுவுவதும் கஷ்டம், சில நாளில் அடியில் வழுவழுப்பாகப் படலம் கட்டும். சவர்க்காரத் தண்ணீரோடு ஒரு பிடி சின்னக் கல்லைப் போட்டு நன்றாகக் குலுக்கி, பிறகு கொதித்த தண்ணீரால் அலச வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை. கழுவும் நேரத்தில் கழுத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்து வழுக்கினால் நாள் கடந்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீரைக் கேனுக்கு மாற்றுவதற்கு முன் கேத்தலிலேயே மூடி போட்டு ஆற விட வேண்டும். அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கொதிக்க வைப்பது நல்லது. நேற்றைய மிச்சத்தின் மேல் இன்றைய தண்ணீரை ஊற்றக் கூடாது.

குளோரின் பற்றியும் கேட்டார்கள். பரிசோதகர் தொட்டிக்குக் குளோரின் போடும்போது அது வீட்டு வாளிவரைக்கும் காவல் நிற்கும், அது கொதிக்க வைப்பதில் இல்லாத நன்மை. ஆனால் மழைக்குக் கலங்கி வரும் தண்ணீரில் குளோரின் மண்ணோடும் தழையோடும் மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். தேத்தண்ணியில் மணக்கிறது என்று ஆட்கள் குளோரின் படாத பீலித் தண்ணீருக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால் அந்த மழைக்காலத்துக்கு நாங்கள் கேத்தலையும் கேனையும் நம்பினோம்.

பிள்ளையின் மலம்

கைக்குழந்தையின் மலத்தில் ஒன்றுமில்லை என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். பால் குடிக்கும் பிள்ளைதானே என்பார்கள். அந்தத் துணியைப் பொதுக் குழாயடியில் அலசுகிறார்கள், அலசிய தண்ணீர் கானில் ஓடுகிறது, கானில் நாலு வயதுப் பிள்ளை காகிதக் கப்பல் விடுகிறது. உண்மையில் பெரியவர்களின் மலத்தை விடப் பிள்ளைகளின் மலத்தில் நோய்க்கிருமி இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அடிக்கடி வயிற்றோட்டம் வருவது அவர்களுக்குத்தான். மலத்தைக் கழிவறையில் கொட்டி, துணியைத் தனிப் பேசினில் அலசி, அந்தத் தண்ணீரையும் கழிவறையிலேயே ஊற்ற வேண்டும். இதை நான் சொன்னபோது யாரும் தலையாட்டவில்லை. ஒரு பாட்டி சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அவர் பார்த்து வளர்த்த பேரப்பிள்ளைதான் அந்த 14 மாதக் குழந்தை.

ஒரு பொட்டலம் ஜீவனி

அந்தக் குழந்தைக்கு இரண்டாம் தடவை வந்தபோது நடந்ததைத் தனியாக எழுத வேண்டும். அம்மா மலைக்குப் போயிருந்தார். பாட்டி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்பு சர்க்கரைத் தூளான ஜீவனிப் பொட்டலத்தை ஒரு தேத்தண்ணிக் கோப்பைத் தண்ணீரில் முழுவதும் கரைத்துக் கொடுத்திருக்கிறார். கெட்டியாக இருந்தால் சத்துக் கூட என்று நினைத்தார். பிள்ளை துப்பியது, பிறகு கொஞ்சம் குடித்தது, மேலும் மேலும் தண்ணீர் கேட்டது, வயிற்றோட்டம் கூடியது. நல்ல வேளை, மத்தியானம் வந்த தொண்டர் அக்கா கோப்பையைப் பார்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. அதைக் கொட்டிவிட்டு, அம்மாவுக்கு ஆள் அனுப்பி, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாளில் தேறி வந்துவிட்டது.

ஒரு பொட்டலம் ஒரு லீட்டருக்கு அளந்தது. கால் லீட்டரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் நாலு மடங்கு ஆகும். அந்தக் கரைசல் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு இழுக்கும், இரத்தத்தில் உப்பு ஏறும். மருந்தே நோயைக் கூட்டும். இன்னொரு பக்கம், வீடுகளில் இருக்கும் பெரிய தண்ணீர்ப் போத்தல் அநேகமாக ஒன்றரை லீட்டர். அதை நிறைத்துக் கரைத்தால் தண்ணியாகிவிடும். அதனால் ஒவ்வொரு தொண்டரும் தன் லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போத்தலை எடுத்து, ஒரு லீட்டர் அளந்து ஊற்றி, அந்த மட்டத்தில் நிறப் பூச்சால் கோடு போட்டுக் கொடுத்தார். எழுத்து வேண்டாம், கோடு போதும். கொதித்தாறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? ஒவ்வொரு தடவை வயிறு போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் 50 முதல் 100 மில்லிலீட்டர், அதாவது 200 மில்லிலீட்டர் கோப்பையில் கால் முதல் பாதி. இரண்டு வயதுக்கு மேல் 100 முதல் 200. கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் திரும்பத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சோற்றையும் நிறுத்தக் கூடாது. வெறும் தேத்தண்ணியில் சீனி போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம். இனிப்புக் கூடினால் வயிறு இன்னும் போகும், அதற்குப் பதில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி நல்லது. குடும்ப நல உத்தியோகத்தரோ டாக்டரோ கொடுக்கும் சிங்க் எனும் நாக மாத்திரையை வயிறு நின்றதும் நிறுத்தாமல் 10 முதல் 14 நாள் வரை முடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் நாளுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10.

பல் முளைப்பதால் வயிறு போகிறது என்று விட்டுவிடுவதுதான் எனக்குப் பயம். அதனால் தொண்டர்களுக்கு ஒரே ஓர் அடையாளத்தை மட்டும் கையால் பழக்கினேன். பிள்ளையின் வயிற்றுத் தோலைத் தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட வேண்டும். உடனே படிந்தால் சரி. மெதுவாகப் படிந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் காத்திருக்க நேரமில்லை. கண் குழிந்து, சோர்ந்து, குடிக்கவும் முடியாமல் கிடந்தாலும், மலத்தில் இரத்தம் வந்தாலும், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலும் அப்படியே. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்க நேரம் எடுக்கும் என்பதால், போன் அடித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தொடங்க வேண்டும். வழியிலும் கரண்டியால் கொடுத்துக்கொண்டே போகலாம், பிள்ளைக்கு விழுங்க முடிந்தால்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

திரும்பப் போனேன். 36 காம்பிராவில் 22இல் குடிதண்ணீர் கேனிலோ ஃபிளாஸ்க்கிலோ மூடிய பாத்திரத்திலோ இருந்தது. காலால் மிதிக்கும் கேன் மூன்றில் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றின் கயிறு அறுந்து கிடந்தது. அந்த மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். மழை இல்லாத மாதம் அது, ஆகவே அந்த எண்ணை முந்தின ஏழோடு வைத்து ஒப்பிட நான் விரும்பவில்லை. அடுத்த மழைக்குத்தான் தெரியும். தொட்டியைக் கழுவச் சொல்லித் தோட்டத்துக்குத் தொண்டர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மேலே மாட்டெரு வழிந்து வருவதும் நிற்கவில்லை.

14 மாதக் குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. நான் போனபோது தாகம் என்று அடுப்படிக்குப் போய், கேனுக்கு முன்னால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பாட்டி கேனைச் சாய்த்தார். தண்ணீர் பாதி கோப்பையிலும் பாதி தரையிலும் விழுந்தது. வாளி அடுப்படியில் இல்லை. வெளியே, துணி ஊற வைக்கும் இடத்தில் கிடந்தது.